பொட்டலத்தின் மீது 14 இலக்கங்கள்

பொங்கல் முடிந்த மறுவாரம் கோவையிலிருந்து என் பெரியம்மா வந்தார். பையில் பாதி காலியான ஒரு அரைக்கிலோ நாட்டுச் சர்க்கரைப் பொட்டலம். அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மிணி, நீ இந்தத் தொழிலில்தானே இருக்கிறாய், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்றார். பொங்கல் வைத்தபோது இனிப்பு மட்டும்தான் இருந்ததாம், வாசமே இல்லையாம். சர்க்கரையும் ஆற்று மணல்போல வெளிறிய மஞ்சளாக இருந்தது.

அவரை உண்மையில் குழப்பியது நிறமோ வாசமோ இல்லை. பொட்டலத்தின் பின்புறம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் அதன் கீழே ஒரு நீண்ட எண்ணும் தெளிவாக அச்சாகியிருந்தன. "அரசாங்கமே நம்பர் கொடுத்திருக்கிறது. அப்புறம் எப்படி இது கெட்டதாக இருக்கும்?" என்று கேட்டார்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் சிறிய அளவில் நாட்டுச் சர்க்கரை பொட்டலமிட்டு விற்கிறேன். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுக்கும் வியாபாரி ஒருவரிடம் 60 கிலோ மூட்டையாக வாங்கி, சலித்து, உலர்த்தி, அரைக்கிலோவும் ஒரு கிலோவுமாகப் போடுகிறேன். என் பொட்டலத்திலும் அப்படி ஓர் எண் இருக்கிறது. ஆகவே பெரியம்மாவின் கேள்வி என்னையும் சேர்த்துக் கேட்ட கேள்விதான். அந்த எண் எனக்கு எப்படி வந்தது என்பதை அவரிடம் முதலில் சொன்னேன்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி, உணவுத் தொழில் செய்பவர் உரிமம் வாங்க வேண்டும். சிறு உற்பத்தியாளர், தெருவோரக் கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர் போன்றவர்களுக்கு அது வேண்டாம், பதிவு செய்தால் போதும். 2011இல் வந்த விதிமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவரைப் பதிவுக்காரர் என்று வகுத்தன. நான் தொடங்கியபோது அந்த எல்லைக்குள்தான் இருந்தேன். புகைப்படம், அடையாள அட்டை, இடத்தின் முகவரி, என்ன தொழில் என்ற விவரம், சுகாதார நெறிகளைக் கடைப்பிடிப்பேன் என்ற என் உறுதிமொழி, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். சில நாட்களில் சான்றிதழ் வந்துவிட்டது. அதற்கு முன்பு என் கொட்டகையை யாரும் வந்து பார்க்கவில்லை.

இதில் முறைகேடு எதுவும் இல்லை. விதிமுறையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பதிவு அதிகாரி விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதிவு கொடுக்கலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது இடத்தைப் பார்க்க வருகிறேன் என்று அறிவிப்புக் கொடுக்கலாம். மூன்றில் எதையும் செய்யாமல் 7 நாள் கடந்துவிட்டால் விண்ணப்பித்தவர் தொழிலைத் தொடங்கலாம். சாலையோரத்தில் பணியாரம் சுடும் ஒருவரை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நான் அதை நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பொருளை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு எண் அச்சாகியிருந்தால், இன்னார் இன்ன இடத்தில் இன்ன தொழில் செய்வதாகத் தன்னைத் தெரிவித்துக்கொண்டார் என்று பொருள். யாரோ வந்து பார்த்துச் சரி என்று சொன்னார் என்று அதற்குப் பொருள் கிடையாது.

என் இடத்துக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் பின்னால் வந்தார். சலிக்கும் இடத்தின் கூரை, தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு, வேலை செய்யும் இரண்டு பெண்களின் மருத்துவச் சான்று எல்லாவற்றையும் பார்த்தார். மின்விளக்குக்கு உறை போடச் சொன்னார், போட்டேன். அவர் வருவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் என் பொட்டலத்தில் இருந்தது அதே எண்தான்.

இனி பெரியம்மா கொண்டுவந்த பொட்டலத்துக்கு வருகிறேன்.

எண்ணில் 14 இலக்கங்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் எண்ண வேண்டும். விண்ணப்பித்தவுடன் இணையதளம் தரும் குறிப்பு எண் இதைவிட நீளமானது. சான்றிதழ் வரும் முன்பே அதையே அச்சடித்துவிடுகிறவர்கள் உண்டு. பெரியம்மாவின் பொட்டலத்தில் 14 சரியாக இருந்தன. முதல் இலக்கம் 2. உரிமம் என்றால் அந்த இடத்தில் 1 இருக்கும், பதிவு என்றால் 2. அடுத்த இரண்டும் மாநிலத்தைக் குறிப்பவை. 24 என்று இருந்தது, அது தமிழ்நாடு. பெரிய நிறுவனங்கள் மத்திய உரிமம் வாங்கும்போது மாநில இடத்தில் 00 வரும், ஆகவே அவற்றின் எண் 100 என்று தொடங்கும். நான்காவதும் ஐந்தாவதும் எண் வழங்கிய ஆண்டு. இங்கே 19 என்று இருந்தது. அடுத்த மூன்றும் வழங்கிய அலுவலகத்தைச் சேர்ந்தவை, கடைசி ஆறும் வரிசை எண்.

பெரியம்மா உடனே, "19 என்றால் பழையது அல்லவா, காலாவதி ஆகியிருக்குமே" என்றார். இப்படிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் எண் மாறியிருக்காது. ஆகவே அந்த ஆண்டு எண் பிறந்த ஆண்டுதான், இறந்த ஆண்டு அதில் இருக்காது. இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்று தெரிய இணையதளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

foscos.fssai.gov.in என்ற தளத்தில், உணவுத் தொழில் செய்பவரைத் தேட, FBO Search என்ற பகுதி இருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எண்ணைத் தட்டி, படத்தில் தெரியும் எழுத்துகளை நிரப்பினால் போதும். எங்களுக்கு வந்த விடை இது: கடையின் பெயர் பொட்டலத்தில் உள்ள பெயரோடு பொருந்தியது. நிலை Active என்று காட்டியது. முகவரி கோவையில் ஒரு கடைத்தெரு. "பார்த்தாயா, சரியாகத்தானே இருக்கிறது" என்று பெரியம்மா எழுந்துவிட்டார். அவருடைய குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

நான் அவரை உட்காரச் சொன்னேன். பொட்டலத்தை இன்னொரு முறை படித்தோம். "தயாரிப்பு மற்றும் பேக்கிங்" என்று எழுதி அதே கடைத்தெரு முகவரி போட்டிருந்தது. திரையில் தொழில் வகையைப் பார்த்தால் சில்லறை விற்பனை என்று மட்டும் இருந்தது. உற்பத்தி இல்லை, மறுபொட்டலமிடுதலும் இல்லை.

நாட்டுச் சர்க்கரை எப்படி வருகிறது என்று தெரிந்தவருக்கு இந்த ஒரு வரியே போதும். கரும்பு ஆட்டி, பெரிய கொப்பரையில் கரும்புப்பாலை ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, மேலே பொங்கும் அழுக்கை வழித்து, பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டித் தேய்த்தால்தான் அது பொடியாகும். அதற்கு ஆலைக்கொட்டகை வேண்டும், சக்கையை உலர்த்த ஒரு களம் வேண்டும், புகைபோக்கி வேண்டும். கோவைக் கடைத்தெருவில் யாரும் கொப்பரை வைத்திருக்க முடியாது. ஆக, சர்க்கரை வேறெங்கோ காய்ச்சப்பட்டிருக்கிறது. அந்த இடத்தின் பெயரும் எண்ணும் பொட்டலத்தில் இல்லை. எண் உண்மையானது, நடப்பில் இருப்பது, அந்தக் கடைக்கே உரியது. இத்தனையும் சரியாக இருந்தும், அந்தச் சர்க்கரை பிறந்த இடத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எண் ஆளுக்குத் தருவது என்று பலர் நினைக்கிறார்கள். அது இடத்தோடும் தொழில் வகையோடும் கட்டப்பட்டது. ஒரே முதலாளிக்குப் பெருந்துறையில் ஓர் ஆலையும் ஈரோட்டில் ஒரு கிடங்கும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண். வணிகப் பெயரின் உரிமையாளர் ஒருவராகவும் தயாரிப்பவர் வேறொருவராகவும் இருந்தால், 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகளின்படி இருவர் எண்ணும் லேபிளில் வர வேண்டும். ஆகவே கையில் இருக்கும் பொட்டலத்தில் "விற்பனை" என்று ஓர் ஊரும் "தயாரிப்பு" என்று இன்னோர் ஊரும் இருந்து, எண் ஒன்றே ஒன்று என்றால், அது யாருடையது என்று தேடிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அது விற்பவருடையதாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணை அச்சடிப்பது அச்சகக்காரர். அவர் கேட்பது வடிவமும் நிறமும்தான். அடுத்தவர் பொட்டலத்தைப் பார்த்து அந்த 14 இலக்கங்களை அப்படியே போட்டுக்கொண்டால் தடுக்க அச்சகத்தில் யாரும் இல்லை. அதனால்தான் Active என்ற சொல்லோடு நின்றுவிடக்கூடாது என்கிறேன். திருடிய எண்ணும் Active என்றுதான் காட்டும். பெயரும் முகவரியும் பொட்டலத்தோடு பொருந்துகின்றனவா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரியம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, முகவரி, வகை எல்லாமே பொருந்தியிருந்தால்? அப்போது இது சுத்தமான சர்க்கரை என்று நம்பலாமா?" என்றார்.

நம்ப முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது, ஏனென்றால் என் பொட்டலத்துக்கும் இது பொருந்தும். எண்ணை வழங்கும்போது யாரும் சர்க்கரையைச் சோதிப்பதில்லை. பிறகு மாதிரி எடுத்தால், அந்த அறிக்கை அன்றைக்கு எடுத்த அந்தச் சரக்கைப் பற்றியது. அதற்கு முந்தைய வாரம் போட்ட பொட்டலத்தையோ அடுத்த மாதம் போடப்போவதையோ அது பேசாது. எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையை அக்மார்க் போன்ற தர முத்திரையாக எண்ணிக்கொள்வதும் தவறு. அக்மார்க் ஒரு பொருளைத் தரம் பிரித்துச் சொல்வது. இதுவோ தொழிலை அடையாளம் காட்டுவது.

நாட்டுச் சர்க்கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பக்கம் பேசப்படும் பெரிய கலப்படம், ஆலையில் கரும்புப்பாலோடு வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சுவது. எடை கூடும், நிறம் வெளுக்கும், கட்டுப்படியாகும். வெள்ளைச் சர்க்கரையும் கரும்பிலிருந்து வந்ததுதான். இரண்டிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தண்ணீரில் கரைத்துப் பார், நெருப்பில் காட்டிப் பார் என்று கைப்பேசியில் சுற்றி வரும் சோதனைகளால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்கும் இது எளிதான வேலை இல்லை. சாம்பல் அளவு, ஈரம், மண் போன்ற அயற்பொருள், சேர்க்கக்கூடாத நிறமி ஆகியவற்றை அது திடமாகச் சொல்லும். நிறம் வெளுக்க ஆலைகளில் போடும் ஹைட்ரோஸ் என்ற சோடியம் ஹைட்ரோசல்பைட் விட்டுச்செல்லும் கந்தக டை ஆக்சைடை அளந்து சொல்லும். எங்கள் ஊரில் அதை "மருந்து போட்டது" என்பார்கள். மருந்து போட்ட சர்க்கரை வந்த புதிதில் பளிச்சென்று இருக்கும், இருப்பு வைத்தால் மெல்லக் கறுக்கும். ஆனால் கரும்புப்பாலோடு சேர்ந்து கொதித்துவிட்ட வெள்ளைச் சர்க்கரையைப் பிடிக்கச் சிறந்த இடம் ஆலைதான். காய்ச்சும் நேரத்தில் கொட்டகையின் மூலையில் சர்க்கரை மூட்டை அடுக்கியிருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். தமிழ்நாட்டில் அலுவலர்கள் வெல்ல ஆலைகளில் சோதனை செய்யும்போது வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைத் தேடிப் பறிமுதல் செய்வது இதனால்தான்.

அப்படியானால் அந்த 14 இலக்கங்களால் என்ன பயன் என்று கேட்டால், என் பதில் இதுதான். அவை எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்கின்றன. அலுவலர் ஆலைக்குப் போக வேண்டுமானால் ஆலையின் முகவரி வேண்டும். பொட்டலத்தில் ஆலையின் எண் இருந்தால் ஒரே நாளில் போய்விடலாம். கடையின் எண் மட்டும் இருந்தால் கடையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

பெரியம்மாவும் நானும் அப்படித்தான் நடந்து பார்த்தோம். அடுத்த முறை நான் கோவைக்குப் போனபோது இருவரும் அந்தக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நல்ல மனிதர். ஐம்பது வயதிருக்கும். பொட்டலத்தைக் காட்டி, "அண்ணா, இது எந்த ஆலைச் சர்க்கரை?" என்று கேட்டேன். "அது தெரியாதுங்க அம்மிணி. வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார், நாங்கள் பின்னால் வைத்துப் பொட்டலம் போடுகிறோம்" என்றார். "தயாரிப்பு என்று போட்டிருக்கிறீர்களே?" என்றேன். அச்சகத்தில் அப்படி ஒரு வடிவம் இருந்ததாகவும் அதையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். பதிவு செய்யும்போது பொட்டலமிடுவதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வாங்கிய பில்லைக் கேட்டேன். தேடி எடுத்துக் கொடுத்தார். வியாபாரியின் பெயர் இருந்தது, மூட்டைக் கணக்கு இருந்தது. உணவுத் தொழில் செய்பவர் தரும் பில்லில் அந்த 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து நடைமுறை. இந்தப் பில்லில் அது இல்லை. வியாபாரியைத் தொலைபேசியில் பிடித்தோம். மூன்று நான்கு இடத்துச் சரக்கைச் சேர்த்து நிறம் ஒத்துப்போகும்படி கலந்துதான் அனுப்புவதாக அவர் சாதாரணமாகச் சொன்னார். எந்த மூட்டை எந்த ஆலை என்ற கணக்கு அவரிடம் கிடையாது. எங்கள் நடை அங்கே முடிந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு அது போதவில்லை. "சோதித்துப் பார்க்க நமக்கு வழியே இல்லையா?" என்றார். இருக்கிறது. அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குபவர் தாமே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதித்து அறிக்கை பெறலாம் என்கிறது. அறிக்கையில் பொருள் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. கோவையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையைப் பலர் தவறவிடுகிறார்கள். சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும் நேரத்திலேயே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, பாதியைப் பொங்கலில் போட்ட பிறகு எடுத்துச் செல்லும் பொட்டலத்துக்கு அந்தப் பிரிவு துணை வராது. அப்படிப்பட்ட நேரத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுப்பதுதான் வழி. அலுவலர் வந்து முறைப்படி மாதிரி எடுப்பார், அதை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒரு பாகத்தைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவார். புகாரில் எண்ணோடு தொகுப்பு எண்ணையும் பொட்டலமிட்ட தேதியையும் எழுத வேண்டும். எண் கடையைக் காட்டும், தொகுப்பு எண்தான் அந்தச் சரக்கைக் காட்டும். இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் வரை பொட்டலத்தைக் கிழித்து எறிய வேண்டாம் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பெரியம்மா புகார் கொடுக்கவில்லை. கடைக்காரர் அந்த வாரமே தம் பதிவில் பொட்டலமிடுதலைச் சேர்க்க விண்ணப்பித்தார், "தயாரிப்பு" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் புது உறை அடித்தார். அந்தச் சர்க்கரையில் என்ன இருந்தது என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் என் சொந்த உறையை எடுத்துப் பார்த்தேன். என் எண் இருந்தது, மறுபொட்டலம் என்ற வகையும் சரியாக இருந்தது. ஆனால் என் தொகுப்பு எண்ணில் பொட்டலமிட்ட தேதி மட்டுமே இருந்தது. எந்த மூட்டை என்று யாராவது கேட்டிருந்தால் நானும் அந்த வியாபாரியைப்போலத்தான் கையை விரித்திருப்பேன். இப்போது வியாபாரியிடம் கலக்காத மூட்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன். மூட்டைக்கு விலை கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. நிறம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஒரு வாரம் செம்மண், ஒரு வாரம் வாழைப்பழத் தோல். வாங்குபவர்கள் சிலர் அதைக் குறை சொல்கிறார்கள். ஏலத் தேதி, கொண்டுவந்த விவசாயியின் ஊர், காய்ச்சிய ஆலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த வரியின் எண்ணையே தொகுப்பு எண்ணாக உறையில் போடுகிறேன்.

மாசி மாதம் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். என் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொகுப்பு எண்ணைப் படித்தார். "எங்கே, இது எந்த ஊர் ஆலை, சொல்லு பார்க்கலாம்" என்றார். நோட்டைப் புரட்டி அந்தியூர் என்றேன்.

"சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.